பக்கமெல்லாம் சிவப்பு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டிலும் சரி, கம்பெனியிலும் சரி, இந்த விஷயத்தில் இரண்டாவது கருத்து கிடையாது. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என் அம்மா எனக்காகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதை நம்பி என்னிடம் இலக்கணம் படிக்க வந்து மாட்டிக்கொண்டவள் பக்கத்து வீட்டுப் பெண். ஒன்பதாம் வகுப்பு.

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்முவார்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த தெலுங்குக் குடும்பம். அவளுடைய அப்பா எங்கள் கம்பெனி வேனை ஓட்டுகிறார். காலையில் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். மகள் அவரை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வேனில் வருகிற எல்லோருக்குமே அவர் நைனா ஆகிவிட்டார். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நான் தமிழில் பட்டம் வாங்கி பி.எட். முடித்தவள். பள்ளிக்கூட வேலை வருவதற்குள் கம்பெனி வேலை வந்துவிட்டது. இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். வண்டிகளுக்குப் போகிற சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் எங்கள் மேஜைக்கு வரும். அளவு சரியாக இருந்தால் பச்சைத் தொட்டி. தேய்த்துச் சரிசெய்யலாம் என்றால் மஞ்சள் சீட்டு. இனி ஒன்றும் செய்ய முடியாது என்றால் சிவப்புச் சீட்டு கட்டிச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அதற்குள் போனது திரும்பி வராது, நேராகப் பழைய இரும்புக்குத்தான். பெருக்குகிற அம்மாவிலிருந்து வேன் டிரைவர் வரைக்கும் எங்கள் கம்பெனியில் இந்த மூன்று நிறமும் எல்லோருக்கும் மனப்பாடம். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பின்னால் வந்த வம்புக்கெல்லாம் காரணம் இதுதான்.

அந்தப் பெண் நாலாம் வகுப்பு வரைக்கும் தெலுங்கில் படித்தாள். அப்புறம் இங்கே தமிழ்வழி. பேச்சைக் கேட்டால் எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியாது. காலையில் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?” என்பாள். எழுத உட்கார்ந்தால்தான் தகராறு. காலாண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண், தமிழில் மட்டும் தேறவில்லை. அதிலும் இலக்கணப் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

நைனாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெலுங்குப் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார், தமிழில் ஊர்ப் பலகைகளை மட்டும் அடையாளம் வைத்துக் கண்டுகொள்வார். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, தமிழில் தேறாவிட்டால் மற்றப் பாடத்தில் வாங்கி என்ன பிரயோஜனம் என்பது அவர் கணக்கு. சூலூர்ப்பேட்டையில் மனைவியின் தம்பி இருக்கிறார், அங்கே தங்கித் தெலுங்கில் படிக்கட்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அம்மாவும் மகளும் அழுது புரண்டு அரையாண்டுத் தேர்வு வரைக்கும் தவணை வாங்கினார்கள். அதில் தேறினால் இங்கே, இல்லாவிட்டால் பொங்கலுக்கு முன்னால் மாமா வீடு.

அன்றைக்குத்தான் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மாமா ஊரில் என்ன குறைச்சல் என்று சும்மா சீண்டிப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

“எனக்குத் தெலுங்கு எழுத்தும் மறந்துபோச்சுக்கா. அங்க போனா சின்னப் பசங்ககூடதான் குந்தணும். அம்மாவையும் உட்டுட்டு இன்னாக்கா பண்ணுவேன் அங்க?”

அதற்கு மேல் சீண்ட எனக்கு மனசு வரவில்லை. உள்ளே வா, பயிற்சியைக் காட்டு என்றேன்.

முதல் பக்கமே என் ரத்தத்தைக் கொதிக்கவைத்தது. வேற்றுமை உருபைச் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். வீடு என்பதோடு ‘இல்’ சேர்த்து ‘வீடில்’ என்று எழுதியிருந்தாள். மரத்தோடு ‘ஐ’ சேர்த்து ‘மரமை’. மரமை என்று இந்த உலகத்தில் எவள் சொல்வாள், உன் வாயால் ஒரு தரம் சொல்லிப் பார் என்று கத்தினேன். அவள் சாதாரணமாக, “மரத்த வெட்டினாங்க, ஊட்டுல கீறோம்னு சொல்லுவேன்” என்றாள். பின்னே அதை ஏன் எழுதவில்லை என்றால், அது பேச்சு, எழுத்து வேறல்லவா என்று என்னையே கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவளுக்குத் தெரியாமல் இல்லை. பேசுவது போல எழுதாதே என்று வகுப்பில் யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். இவள் அதைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு எது வருகிறதோ அது தப்பு என்று முடிவு செய்துவிட்டாள். வாய் ‘மரத்த’ என்று சொன்னால், கை அதற்கு நேர்மாறாக எதையாவது எழுதிவிட்டு வரும்.

உன் வாய் முக்கால்வாசி சரியாகத்தான் சொல்கிறது, கைக்குத்தான் திமிர் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக விளக்கினேன். ‘மரம்’ போல ‘ம்’ என்று முடிகிற பெயர்ச்சொல் உருபை நேராகச் சேர்த்துக்கொள்ளாது. ‘ம்’ விழுந்துவிடும், நடுவில் ‘அத்து’ என்ற சாரியை வரும். மரம், அத்து, ஐ மூன்றும் சேர்ந்து மரத்தை. குளத்தில், பழத்துக்கு எல்லாம் இந்த வழிதான். ‘வீடு’ வேறு ஜாதி. டு, று என்று முடியும் குற்றியலுகரம், அதற்கு முன்னால் நெடில். வேற்றுமை உருபு வந்தால் அந்த ட், ற் இரட்டிக்கும். வீட்டில், ஆற்றில், சோற்றை. இதைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இவ்வளவு நாளும் சரியாகப் பேசிக்கொண்டு தப்பாக எழுதினோமா என்று அவளுக்கே பொறுக்கவில்லை.

ஆனால் சும்மா தலையாட்டுகிற ரகம் இல்லை அவள். மறுநாளே ‘வீடு + இல்லை = வீட்டில்லை’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். தப்பு என்று கோடு போட்டதும் சண்டைக்கு வந்தாள். நேற்று இரட்டிக்கும் என்று சொன்னது நீங்கள்தானே, இன்றைக்கு மாற்றிப் பேசினால் எப்படி என்றாள். நியாயமான கேள்வி, அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ‘இல்லை’ வேற்றுமை உருபா, சொல்லடி என்றேன். நானே விளக்கினேன். உருபு வரும்போதும் வேற்றுமைப் பொருள் இருக்கும்போதும்தான் இரட்டிக்கும். ‘வீடு இல்லை’ என்பதில் வேற்றுமையே கிடையாது. குற்றியலுகரத்துக்குப் பின்னால் உயிரெழுத்து வந்ததால் ‘உ’ மட்டும் ஓடிப்போகும். வீடில்லை. அவ்வளவுதான். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சரி, பொழைச்சுப் போங்க என்பது போல எழுதிக்கொண்டாள். அடிக்கலாம் போலவும் இருந்தது, கொஞ்சலாம் போலவும் இருந்தது.

வல்லினம் மிகும் இடம்தான் பெரிய பேஜாராகப் போயிற்று. முதலில் எங்கேயுமே போடமாட்டாள். ‘புத்தகத்தை படித்தேன்’, ‘பள்ளிக்கு போனேன்’ என்று எழுதுவாள். ‘ஐ’யும் ‘கு’வும் வெளிப்படையாக வந்தால், அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் ஆரம்பித்தால், நடுவில் அந்த ஒற்று மிகும், புத்தகத்தைப் படித்தேன், பள்ளிக்குப் போனேன் என்று தொண்டை வறளச் சொன்னேன். சூடு கண்ட பூனைபோல அடுத்த பயிற்சியில் பார்த்த இடத்திலெல்லாம் போட்டுவிட்டாள். ‘அம்மாவோடுப் போனேன்’. ‘என்னுடையப் பை’. ‘வந்தப் பேருந்து’. ‘சுடுச்சோறு’. சாம்பாருக்கு உப்பு போடாதே என்று யாரும் சொல்லவில்லை, அதற்காக மூட்டையையே கவிழ்ப்பதா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் என் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஓடு, உடைய என்ற உருபுகளுக்குப் பின்னால் மிகாது. ‘வந்த’ என்பது பெயரெச்சம், அதற்குப் பின்னாலும் மிகாது. சுடுசோறு வினைத்தொகை, சுட்ட சோறு, சுடுகிற சோறு, சுடும் சோறு என்று மூன்று காலத்தையும் ஒளித்து வைத்திருக்கிறது, அங்கேயும் மிகாது. அப்புறம் ‘சோழவரத்தின் வடக்கே கும்மிடிப்பூண்டி’ என்று ஒன்று. ‘இன்’னைப் பார்த்ததும் ஆறாம் வேற்றுமை என்று எழுதியிருந்தாள். சோழவரத்துக்குக் கும்மிடிப்பூண்டி சொந்தமா, அதன் சொத்தா என்று கேட்டேன். இல்லை, எங்கிருந்து வடக்கே என்று எல்லை காட்டுகிறது, அதனால் ஐந்தாம் வேற்றுமை. சோழவரத்தினது ஏரி என்றால் அது ஆறாம் வேற்றுமை, உடைமை. உருபின் முகத்தை மட்டும் பார்க்காதே, அது என்ன வேலை செய்கிறது என்று பார் என்றேன்.

நான் கம்பெனிக்குப் போய்விடும் நேரத்தில் அவள் பள்ளியில் புரட்டிப் பார்க்க வேண்டுமே என்று, இந்த விளக்கத்தையெல்லாம் தப்புக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பேன். என் கைப்பையில் எப்போதும் இருப்பது சீட்டு எழுதக் கம்பெனியில் கொடுக்கிற சிவப்புப் பேனா. அதனால் எல்லாம் சிவப்பிலேயே இருக்கும். வாயால் பேசினால்தான் நான் கத்துவேன். எழுதும்போது ரொம்ப சாது. ‘இங்கே வழுக்கிவிட்டாய் கண்ணு, பார்த்து நட’ என்றெல்லாம் எழுதுவேன். எழுதுகிற ஆசையும் பாடம் நடத்துகிற ஆசையும் எனக்குள் பல வருஷமாக மூடிக் கிடந்தவை. ஒரு தப்புக்கு ஒரு பத்தி எழுதினாலும் போதவில்லை என்றுதான் தோன்றும்.

அரையாண்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால், புத்தகத்திலுள்ள வேற்றுமை, புணர்ச்சிப் பயிற்சி முழுவதையும் உட்கார்ந்து செய்துகொண்டு வந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. எல்லாம் சரி. இரண்டே இடத்தில்தான் தப்பு. ‘கடல்கரை’ என்று விட்டிருந்தாள், கடற்கரை என்று இருக்க வேண்டும். ‘ஓடா குதிரை’ என்று எழுதியிருந்தாள். அது தப்பிலும் கெட்டிக்காரத் தப்பு. பெயரெச்சத்துக்குப் பின்னால் மிகாது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ‘ஓடாத குதிரை’ என்று இருந்தால் அவள் சொன்னதுதான் சரி. ஆனால் இங்கே கடைசி ‘த’ கெட்டுவிட்டது, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் ஓடாக் குதிரை. கட்டிப்பிடித்துக்கொண்டேன் அவளை. அவள் போன பிறகு பேனாவை எடுத்து ஆசைதீர எழுதினேன். ல் எப்போது ற் ஆகும், ஈறு எப்போது கெடும், எடுத்துக்காட்டு, அம்புக்குறி, பாராட்டு, கீழே வாழ்த்து. இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதினேன். மறுநாள் காலையில் சுவர் வழியாக நோட்டை நீட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போனேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமும் இல்லை. எட்டிக் கூப்பிட்டேன். அவளுடைய அம்மா முகம் வீங்க வந்து நின்றாள். மத்தியானம் நைனா சாப்பிட வந்த நேரத்தில், பள்ளிக்கு எடுத்துப் போக மறந்த நோட்டு மேஜைமேல் கிடந்திருக்கிறது. திறந்து பார்த்திருக்கிறார். பக்கம் முழுக்கச் சிவப்பு. டீச்சரம்மாவே, அதாவது நானே, ரிஜெக்ட் பண்ணிவிட்டேன், இனிமேல் தேர்வு எழுதி என்ன என்று சொல்லிவிட்டாராம். மைத்துனருக்குப் போன் போயாயிற்று. நாளைக் காலையில் எங்களை இறக்கிவிட்டுவிட்டு நேராகப் பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் கேட்கப் போகிறார். பையில் துணி அடுக்கியாகிவிட்டது. மகள் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். ஊருக்குப் போகாமல் இருக்கப் பொய் சொல்கிறாய், உன்னை நம்புவதா, டீச்சரம்மா எழுதியதை நம்புவதா என்று கேட்டாராம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே போய்க் கேட்டிருப்பேன். ஆனால் நைனா அடுத்த ஷிஃப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அந்தப் பெண் விசும்புவது கேட்டது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை.

காலையில் வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த நோட்டைச் செருகி வைத்திருந்தார். தலைமையாசிரியருக்குக் காட்டுவதற்குச் சாட்சியாம். என்ன நைனா இது என்றதும், ஷிஃப்டுக்கு நேரமாகிறது, வண்டி ஓட்டும்போது பேச வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்போதும் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர் அன்றைக்கு அதையும் போடவில்லை. கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. நோட்டை உருவி அவர் மடியில் விரித்துப் போட்டேன்.

“மா, எனுக்குத் தமிழு படிக்க வராது. ஆனா சேப்பு படிப்பேன்,” என்றார். “இந்தக் கம்பெனில எத்தினி சேப்புத் தொட்டி ஏத்தி எறக்கிக்கிறேன். என் பொண்ணு பக்கத்துல ஒரு எடம்கூட பாக்கி இல்லியேம்மா.”

திட்டுவதற்காகத்தான் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் இந்தப் பெண்ணை வேண்டாம் என்று அனுப்பவில்லை. சிவப்புத் தொட்டியில் விழுந்துவிட்டாள், வேறு எங்கேயாவது தேறட்டும் என்றுதான் அனுப்பப் பார்க்கிறார். மனுஷனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சிவப்பை விடுங்கள், நீல எழுத்தைப் பாருங்கள் என்றேன். அது உங்கள் மகள் எழுதியது. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துக் காட்டினேன். இது சரி, இது சரி, இதுவும் சரி. கடற்கரையில் நிறுத்தினேன், இது தப்பு. மறுபடி சரி, சரி என்று போய்க் குதிரையில் நிறுத்தினேன். பக்கம் முடிந்துவிட்டது. அவர் என் விரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவ்ளோதானா தப்பு? அப்ப இத்தினி சேப்பு இன்னாத்துக்கு எழுதினீங்க?”

“அது தப்பு இல்ல நைனா. நான் அவகிட்ட பேசினுகீறேன்.”

அவருக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. படித்துக் காட்டச் சொன்னார். இதென்னடா வம்பு என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. ‘என் தங்கமே, இந்தத் தப்பைக்கூட அறிவோடு செய்திருக்கிறாய்’ என்பதையெல்லாம் அவளுடைய அப்பாவிடமே சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்தேன். ஓரத்தில் செங்குத்தாக எழுதியதை வாசிக்க நோட்டைத் திருப்பினேன், அவரும் கூடவே தலையைச் சாய்த்தார். முடித்ததும் பழைய பக்கங்களுக்குப் போகச் சொன்னார். வீடு, வீட்டில் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்க பாஷையிலயும் அப்டிதான் கீது. ஊடு வந்து இல்லு. ஊட்டுக்கு வான்னா இல்லுகின்னு சொல்ல மாட்டோம், இண்டிகின்னு சொல்வோம்.”

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதேதான் நைனா, சொல் மாறுகிறது, அப்புறம் உருபு வருகிறது. எங்கள் ‘கு’தான் உங்கள் ‘கி’ என்றேன். ‘படிகி வெள்ளு’ என்று அவர் சொல்ல, ‘பள்ளிக்குப் போ’ என்று நான் சொன்னேன். இப்படி இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். வாசலில் நின்ற செக்யூரிட்டி எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சங்கு ஊதி முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

இறங்கும்போது நைனா ஒரு யோசனை சொன்னார். சரிசெய்யக்கூடிய சாமானுக்கு மஞ்சள் சீட்டுதானே கட்டுவோம், நீங்களும் மஞ்சள் பேனாவில் எழுதியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காதே என்றார். மஞ்சளில் எழுதினால் ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது என்றேன். பள்ளிக்கு அன்றைக்கு அவர் போகவில்லை. ஆனால் முடிவையும் முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. பழைய பேச்சு பேச்சுதான், அரையாண்டில் தேறட்டும் பார்க்கலாம் என்றுவிட்டார். எனக்குச் சூப்பர்வைசரிடம் நல்ல மண்டகப்படி கிடைத்தது.

சாயங்காலம் அவள் நோட்டை என் முன்னால் தொப்பென்று போட்டாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, இனிமேல் கொஞ்சமாக எழுதுங்கள், இல்லாவிட்டால் நானே திருத்திக்கொள்கிறேன் என்றாள். எனக்குக் கோபமாக வந்திருக்க வேண்டும், வரவில்லை. பேனாவை அவள் கையில் கொடுத்து, நீயே திருத்து, ஏன் தப்பு என்று நீயே எனக்குச் சொல் என்றேன். தேர்வு வரைக்கும் அப்படித்தான் நடந்தது. அவள் தப்பைச் சொல்லுவாள், நான் ஏன் என்று கத்துவேன், அவள் அதைவிடச் சத்தமாகக் காரணம் சொல்லுவாள். என் அம்மா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

விடைத்தாள் வந்த நாள் எனக்கு மறக்காது. சாயங்காலம் ஷிஃப்டு முடிந்து வேனுக்கு வந்தால், நைனா வண்டியை எடுக்காமல் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். ஏறுகிற பெண்களிடமெல்லாம் ஒரு தாளை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கிட்டே போய் வாங்கிப் பார்த்தேன். தேறியிருந்தாள். வெறும் தேர்ச்சி இல்லை, நல்ல மதிப்பெண். இலக்கணப் பகுதியில் வரிசையாக ‘சரி’க் குறிகள், அங்கங்கே ஒன்றிரண்டு சுழிப்பு. என் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. இனிமேல் பெண் எங்கேயும் போக மாட்டாள்தானே என்று கேட்டேன். அதெல்லாம் தாளைப் பார்த்ததுமே மைத்துனருக்குச் சொல்லிவிட்டேன் என்றார்.

ஆனால் அவர் முகத்தில் ஏதோ குறை இருந்தது. நான் முன்சீட்டில் உட்கார்ந்ததும் தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

“இன்னாம்மா இது, சும்மா சுழிச்சு உட்டுக்கிறாங்க. பக்கத்துல ஒரு வார்த்தகூட எழுதல. எம்பொண்ணு மேல அவங்களுக்கு அக்கற இல்லியா?”

பாவம், அந்த ஆசிரியைக்கு எத்தனை கட்டுத் தாள் திருத்த இருந்ததோ என்று நான் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாளை என் மடியில் வைத்து நீவிவிட்டார்.

“நீங்க எழுதிக் குடுங்க. சேப்புலயே எழுதுங்க.”

வண்டியை மெதுவாக, குலுங்காமல் ஓட்டினார். ஆரம்பாக்கம் வருவதற்குள் ஓரம்கூட மிச்சமில்லாமல் எழுதி முடித்திருந்தேன்.